தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மிவிட்டதா? முதல் ஒரு வருடத்துக்கான வழிகாட்டி

தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர் முதலில் பேசும் வார்த்தை கம்மலாக வந்தால், சுற்றி நிற்கும் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "டியூப் போட்டதால அப்படி இருக்கு, தானா சரியாயிரும்." பெரும்பாலானவர்களுக்கு அது உண்மைதான். சிலருக்கு மட்டும் குரல் நாணை இயக்கும் நரம்பு சோர்ந்து போயிருக்கும். இவர்களும் அதே பதிலை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வாரத்தில் என்ன செய்வது என்று வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் ஆபத்தான அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

குரல் கம்முவதால் மட்டும் உடனடி ஆபத்து இல்லை. மூச்சு சிரமப்படுவதுதான் ஆபத்து. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஓபி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

- மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்ற சத்தம். இரண்டு பக்க நாண்களும் அசையாமல் நடுவில் நின்றுவிட்டால் இப்படி வரும். அப்போது குரல் ஓரளவு நன்றாகவே இருக்கக்கூடும், அதனால் குரலை வைத்து ஏமாறாதீர்கள்.
- கழுத்து முன்பக்கம் இறுகி வீங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது. உள்ளே ரத்தம் கசிந்து கட்டுகிறது என்று பொருள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், வார்டில் இருக்கும்போதே வரும். கூட இருப்பவர் நர்ஸைச் சத்தம் போட்டே கூப்பிட வேண்டும். இதில் நிமிடங்கள் முக்கியம்.
- உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை இழுத்துப் பிடிப்பது. கால்சியம் குறைந்ததன் அடையாளம். முதல் சில நாட்களில் வரும். முற்றினால் குரல்வளையும் இறுகும்.
- சாப்பிடும்போது இருமல், அதோடு காய்ச்சலும் சளியும். உணவு நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் இவற்றில் முதல் இரண்டு வந்தால் பஸ்ஸையும் ஆட்டோவையும் தேடாமல் 108-ஐ அழையுங்கள். போனில் முதல் வாக்கியமே "தைராய்டு ஆபரேஷன் ஆகி இத்தனை நாள், மூச்சு விட முடியவில்லை" என்று இருக்கட்டும்.

2. டியூபா, நரம்பா? வீட்டிலேயே பார்க்கும் சோதனை

மயக்க மருந்துக்காகப் போட்ட டியூப் குரல் நாண்களுக்கு நடுவே போய் வருவதால் அவை வீங்கும். அந்தக் கம்மல் கரகரவென்று இருக்கும், விழுங்கினால் வலிக்கும், நாளுக்கு நாள் குறையும். இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும்.

நரம்புக் கம்மல் வேறு மாதிரி. குரலோடு காற்றும் சேர்ந்து வரும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. போனில் பேசினால் எதிர்முனையில் கேட்காது. இருமினால் 'லொக்' என்று அடைத்து வராமல் காற்று மட்டும் சீறும். தண்ணீர் குடித்தால் புரையேறும். குரல் நாண்கள் இரண்டும் கதவின் இரண்டு பலகைகள் மாதிரி. ஒன்று அசையாமல் திறந்தே நின்றால் மற்றது எவ்வளவு வந்து மோதினாலும் இடுக்கு மிஞ்சும், அந்த இடுக்கில்தான் காற்று கசிகிறது.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமே அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், குரல் சுமாராக இருக்கும். வீக்கம் வற்றிய பிறகு குரல் மோசமாகும். "ஆஸ்பத்திரில இருக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்துதான் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்கள் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை இதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து நன்றாக மூச்சு இழுத்து, சாதாரணக் குரலில் "ஆ" என்று முடிந்தவரை நீட்டுங்கள். செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். மூன்று முறை செய்து, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் பொதுவாக 15 விநாடியாவது நீட்டுவார்கள். 10-க்குக் கீழே வந்தால் காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே நாற்காலியில் செய்து தேதியோடு எழுதுங்கள். கூடவே ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு வாரமும் போனில் பதிவு செய்யுங்கள். மருத்துவரிடம் "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்வதைவிட இந்த எண்களும் பதிவும் அவருக்கு அதிகம் பயன்படும்.

கம்மல் இல்லாமல், உச்சஸ்தாயி மட்டும் எட்டவில்லை, கொஞ்சம் பேசினாலே குரல் களைக்கிறது என்றால் அது வேறொரு சின்ன நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். கச்சேரி பாடுபவர்களும் ஓதுவார்களும் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள். இதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

3. டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்க வேண்டிய காகிதங்கள்

பின்னாளில் வேறு ஊர், வேறு மருத்துவர் என்று போக நேர்ந்தால் இவை இல்லாமல் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாருக்கும் கிடைக்கும். அதோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேளுங்கள். அதில் 'ஆர்எல்என்' என்று ஒரு வரி இருக்கும். குரல் நாணை அசைக்கும் நரம்பின் சுருக்கப் பெயர் அது. நரம்பைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றியதாக எழுதியிருந்தால், அது இழுபட்டோ சூடு பட்டோ சோர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், மீண்டு வரும் நம்பிக்கையும் அதிகம். கட்டியோடு ஒட்டியிருந்ததால் வெட்டியதாக எழுதியிருந்தால் மாதக்கணக்கில் காத்திருப்பதில் பொருளில்லை, அடுத்த சிகிச்சையை முன்கூட்டியே பேசலாம். நரம்பு தெரியவே இல்லை என்றிருந்தாலும் அதுவும் தெரிய வேண்டிய தகவல்தான்.

மூன்றாவது, ஆபரேஷனுக்கு முன் குரல்வளை ஸ்கோப் செய்திருந்தால் அந்த ரிப்போர்ட். நான்காவது, பயாப்ஸி ரிப்போர்ட். இது பின்னால்தான் வரும், மறக்காமல் போய் வாங்குங்கள். ஏன் என்று 7-ஆம் படியில் வருகிறது.

4. குரல்வளை ஸ்கோப்: நான்கு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்

குரல் கம்மியதற்கான காரணத்தைக் கேட்டுச் சொல்ல முடியாது, பார்த்துத்தான் சொல்ல முடியும். ரத்தப் பரிசோதனையும் கழுத்து எக்ஸ்ரேயும் இதற்கு உதவாது. தண்ணீர் புரையேறுகிறது, குரல் முழுக்கக் காற்றாக இருக்கிறது என்றால் உடனே செய்யலாம். மற்றவர்கள் இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் குறையவில்லை என்றால் செய்துகொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். அங்கே செலவு போக்குவரத்துதான். தனியாரில் இடத்துக்கு இடம் கட்டணம் மாறும், சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை ஆகும். போனில் கேட்கும்போது "வீடியோ பதிவோடு எவ்வளவு" என்று கேளுங்கள். பதிவு இல்லாத ஸ்கோப்பை மூன்று மாதம் கழித்து எதனோடும் ஒப்பிட முடியாது. பென் டிரைவ் கொண்டுபோனால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள்.

மூக்கில் அல்லது தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்து, மெல்லிய குழாயையோ கம்பி போன்ற கேமராவையோ விட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. "ஈ" என்று சொல்லச் சொல்வார்கள், மூச்சு இழுக்கச் சொல்வார்கள். "ஈ" சொல்லும்போது நாண்கள் நடுவில் சேர வேண்டும், மூச்சு இழுக்கும்போது விரிய வேண்டும். முடிந்தபின் மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், எதுவும் குடிக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்: எந்தப் பக்க நாண், அசைவு முழுதும் இல்லையா குறைவா, "ஈ" சொல்லும்போது இடுக்கு எவ்வளவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. தைராய்டு முழுவதையும் எடுத்தவர்களுக்கு தைராக்ஸின் மாத்திரை போதாமல் போனாலும், ரேடியோ அயோடின் சிகிச்சைக்காக நிறுத்திவைத்தாலும் குரல் தடித்துக் கம்மும். நாண் நன்றாக அசைகிறது, குரல் மட்டும் சரியில்லை என்றால் டிஎஸ்ஹெச் அளவைப் பாருங்கள்.

5. தண்ணீர் புரையேறுவதை அன்றே சமாளியுங்கள்

ஒரு பக்க நாண் மூடாதபோது கெட்டியான உணவைவிட தண்ணீரே அதிகம் தொந்தரவு தரும். நம் ஊரில் சொம்பையோ டம்ளரையோ தூக்கி அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை இந்தச் சில மாதங்களுக்கு முழுக்க விட்டுவிடுங்கள். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் திறந்து, தண்ணீர் நேராக அங்கே விழ வழியாகிறது. உதட்டில் வைத்து, ஒரு வாய்க்கு ஒரு ஸ்பூன் அளவு மட்டும் எடுத்து, தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குங்கள். எந்தப் பக்கம் வலுவிழந்ததோ அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்கினால் சிலருக்குப் புரையேறுவது இன்னும் நன்றாக நிற்கும். பேச்சுப் பயிற்சியாளர் முன்னால் ஒருமுறை செய்துபார்த்து, எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டில் இட்லி, குழைந்த சோறு, உளுந்தங்களி, கெட்டிக் கூழ் எல்லாம் எளிதாக இறங்கும். ரசமும் மோரும் சோற்றில் பிசைந்தால் பரவாயில்லை, டம்ளரில் குடிக்க வேண்டாம். சொதி மாதிரி நீர்த்த குழம்பில் காய்த்துண்டுகள் மிதப்பது கொஞ்சம் கடினம். வாயில் துண்டை மெல்லும்போதே குழம்பு முன்னால் ஓடிவிடும். காயை நன்றாக மசித்துச் சோற்றோடு சேருங்கள்.

மாத்திரைகளையும் யோசியுங்கள். கால்சியம் மாத்திரை பெரியது. மெல்லும் வகை கிடைக்குமா என்று கேளுங்கள். தைராக்ஸினை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியத்தை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். புரையேறும் பயத்தில் இரண்டையும் ஒன்றாக விழுங்கி முடிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது.

6. பேச்சுப் பயிற்சி, செய்யக்கூடாதவை

கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள், பலருக்கு அது தொண்டைத் தசைகளை இறுக்கவே செய்யும். மெதுவாக, சாதாரணக் குரலில், சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். சத்தம் போடவே கூடாது. கடை, வகுப்பு, பஜனை என்று சத்தமான இடங்களில் பேச வேண்டியிருந்தால் இடுப்பில் கட்டும் சின்ன மைக் வாங்கிக்கொள்ளுங்கள்.

எளிய பயிற்சி ஒன்று: டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரல்கடை முக்கி, "ஊ" என்று ஒலி எழுப்பியபடி குமிழி விடுங்கள். காற்று மட்டும் ஊதக்கூடாது, குரலும் வர வேண்டும். ஒரு தடவைக்கு சில நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. தண்ணீரை உறிஞ்சிவிடாதீர்கள். சுவரைத் தள்ளிக்கொண்டு முக்கி முக்கிக் கத்தும் பழைய பயிற்சியை நீங்களாகச் செய்ய வேண்டாம். நாணுக்கு மேலே உள்ள தசைகள் இறுகி, நரம்பு மீண்ட பிறகும் அந்த இறுக்கம் போகாது.

சித்தரத்தை, மிளகுப்பால், அதிமதுரம் எல்லாம் சளிக்கட்டுக்கு இதமானவை. சோர்ந்த நரம்பை இவை எட்டாது. அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், ஆகவே அளவோடு நிறுத்துங்கள். நரம்புச் சத்து என்று எழுதித்தரும் வைட்டமின் மாத்திரைகளும் குரலை விரைவாகக் கொண்டுவரும் என்று நிரூபிக்கப்படவில்லை. பணத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

7. இன்னொரு பக்கமும் ஆபரேஷன் என்றால்: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

பலருக்கு முதலில் தைராய்டின் ஒரு பாதியை மட்டும் எடுப்பார்கள். பயாப்ஸியில் புற்று என்று வந்தால் மறுபாதியையும் எடுக்கச் சொல்லலாம். முதல் ஆபரேஷனில் ஒரு பக்க நாண் சோர்ந்திருக்கிறது என்பது தெரியாமலே மறுபக்கத்தில் கை வைத்து, அந்த நரம்பும் சோர்ந்தால் மூச்சுப்பாதையே அடைபடும். தொண்டையில் துளையிட்டு மூச்சுவிட வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது.

குரல் நன்றாக இருக்கிறது என்பது இங்கே சான்று ஆகாது. ஒரு நாண் அசையாமலே, மற்ற நாண் அதை எட்டிப் பிடித்து குரல் தெளிந்துவிடுவது உண்டு. ஆகவே இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும் முன் ஸ்கோப் செய்தாக வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். நாண் அசையவில்லை என்று தெரிந்தால், அது மீளும்வரை தள்ளிப்போட முடியுமா என்று அறுவை மருத்துவர் யோசிப்பார்.

8. ஊசி போடலாமா, காத்திருக்கலாமா? ஒருவரின் கணக்கு

வெட்டுப்படாத நரம்பு பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் மீளத் தொடங்கும். ஒரு வருடம் வரை மீள இடமுண்டு, அதற்குமேல் அரிது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதுதான் பலருக்கும் சொல்லப்படாதது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். பெரிய கழலைக்காக தைராய்டு முழுவதும் எடுத்தாயிற்று. இரண்டாம் வாரத்தில் "ஆ" 4 விநாடி. ஸ்கோப்பில் இடது நாண் நடுவிலிருந்து சற்று விலகி அசையாமல் நிற்கிறது. ஆபரேஷன் குறிப்பில் நரம்பு காப்பாற்றப்பட்டதாக இருக்கிறது. பயிற்சி தொடங்குகிறார். ஆறாம் வாரத்தில் 5 விநாடி, புரையேறுவது பாதி குறைந்திருக்கிறது, ஆனால் வகுப்பில் பத்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை. மருத்துவ விடுப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் அவருக்குப் பொருத்தமானது தற்காலிக ஊசி. ஹையலுரானிக் அமிலம் போன்ற ஜெல்லைச் சோர்ந்த நாணுக்குள் செலுத்தி அதை நடுவுக்குத் தள்ளுவார்கள். கழுத்து வழியாக மரப்பு ஊசியோடும் செய்யலாம், தியேட்டரில் சிறிது நேரம் மயக்கம் கொடுத்தும் செய்யலாம். முதல் சில நாள் குரல் இறுகி இருக்கும். பிறகு தெளிகிறது, "ஆ" 12 விநாடி வருகிறது, வகுப்புக்குத் திரும்புகிறார். சில மாதத்தில் ஜெல் கரைந்துவிடும், நரம்பு மீள்வதை அது தடுப்பதில்லை. ஐந்தாம் மாத ஸ்கோப்பில் இடது நாண் லேசாக அசைகிறது. ஒன்பதாம் மாதத்தில் நன்றாகவே அசைகிறது. இதோடு சிகிச்சை முடிகிறது.

இதே ஆசிரியைக்கு புரையேறவில்லை, வீட்டோடு இருப்பவர், 9 விநாடி வருகிறது என்றால் ஊசி தேவையில்லை, பயிற்சியோடு காத்திருக்கலாம். புரையேறி நெஞ்சில் சளி கட்டுகிறது என்றால் ஆறு வாரம்கூடப் பொறுக்காமல் ஊசியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஊசியில் செலவின் பெரும்பகுதி அந்த ஜெல்லின் விலைதான். மருந்து, தியேட்டர், மயக்க மருந்து மூன்றுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதி வாங்குங்கள். எல்லாக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. போனிலேயே "குரல் நாணில் ஊசி போடுவீர்களா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மதுரையோ திருவனந்தபுரமோ போக நேரலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இந்தக் காத்திருப்புக் காலத்திலேயே எடுத்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தாருக்கு அது கொக்கிரகுளத்தில் இருக்கிறது. அட்டை இருக்கிறது என்பதாலேயே எல்லாச் சிகிச்சையும் அதில் வந்துவிடாது. மருத்துவர் எழுதிய சிகிச்சையின் பெயரை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவியாளரிடம் காட்டி, அனுமதி கிடைத்த பிறகு அட்மிட் ஆகுங்கள்.

9. ஒரு வருடம் ஆகியும் அசையவில்லை என்றால்

மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் ஸ்கோப் செய்து வீடியோக்களை ஒப்பிட்டிருப்பீர்கள். அசைவே இல்லை, குரலும் போதவில்லை என்றால் நிரந்தர ஆபரேஷனுக்கான நேரம் அது. கழுத்தில் சின்னக் கீறலிட்டு, குரல்வளைக் குருத்தெலும்பில் ஜன்னல் மாதிரி வெட்டி, சிலிக்கோன் துண்டையோ அதுபோன்ற பொருளையோ வைத்து நாணை நடுவுக்குத் தள்ளுவார்கள். தைரோபிளாஸ்டி என்று பெயர். பெயரைக் கேட்டு மறுபடி தைராய்டு ஆபரேஷனா என்று பயப்பட வேண்டாம், தைராய்டு சுரப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்காமல், உங்களைப் பேசவைத்துக் குரலைக் கேட்டபடியே துண்டின் அளவைச் சரிசெய்வார்கள்.

நரம்பு வெட்டுப்படாதவர்களுக்கு இதை மூன்றாம் நான்காம் மாதத்திலேயே செய்ய யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். அசைவு திரும்பக்கூடிய நாணை நிரந்தரமாகத் தள்ளிவைத்தால் பின்னால் அதை மறுபடி திறந்து எடுக்க வேண்டிவரும்.

குரல் சரியாகிவிட்டாலும், கடைசி ஸ்கோப் ரிப்போர்ட்டின் நகலைப் பழைய மருத்துவக் கோப்பின் மேலேயே வையுங்கள். பின்னால் பித்தப்பைக்கோ கர்ப்பப்பைக்கோ வேறு எந்த ஆபரேஷனுக்கோ மயக்கம் கொடுக்கும் முன், எந்தப் பக்க நாண் பாதிக்கப்பட்டது என்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்ல அது வேண்டும்.